இரங்குவாராக, இரங்கட்டும், இரங்கும்: ஒரு திருப்பாடல் வரிக்கு எந்தத் தமிழ்?

டிசம்பர் பிறந்தால் எங்கள் பாடகர் குழுவில் ஒரு சண்டை நிச்சயம். ஜனவரி முதல் நாள் திருப்பலியில் பதிலுரைப் பாடலாக வருவது 67ஆம் திருப்பாடல். அதன் தொடக்கத்தை நாங்கள் லத்தீனில் ஒருமுறை பாடுவோம். பாட்டுத் தாளில் இடப்பக்கம் லத்தீன், தமிழ் எழுத்தில். வலப்பக்கம் அதன் பொருள். இடப்பக்கத்தில் யாருக்கும் தகராறு இல்லை, வலப்பக்கத்தில்தான் எல்லாம். "இரங்குவாராக" என்று போட்டால் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் "அண்ணே, இது ராஜா காலத்துத் தமிழா?" என்கிறார்கள். "இரங்கட்டும்" என்று போட்டால் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். போன மாதம் வேறொரு குழுவில் பாடும் அக்கா ஒருவரும், ஜூரோங் பக்கம் மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் தம்பி ஒருவரும் தனித்தனியாக இதையே கேட்டார்கள். இருவருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

வரி இதுதான். பழைய லத்தீன் விவிலியமான வுல்காத்தாவில் இது 66ஆம் பாடல். எபிரேய எண்ணிக்கையில் 67.

> தேயுஸ் மிசெரெயாத்துர் நோஸ்த்ரி, எத் பெனெதீகாத் நோபிஸ்;
> இல்லூமினெத் வுல்தும் சூவும் சூப்பெர் நோஸ், எத் மிசெரெயாத்துர் நோஸ்த்ரி.
> ஊத் கொஞ்ஞோஸ்காமுஸ் இன் தெர்ரா வீயாம் தூவாம்,
> இன் ஓம்னிபுஸ் ஜென்திபுஸ் சலுத்தாரே தூவும்.

சொல்லுக்குச் சொல் வைத்தால்: கடவுள் நம்மேல் இரங்க, நமக்கு ஆசி வழங்க, தம் முகத்தை நம்மேல் ஒளிரச் செய்ய, நம்மேல் இரங்க (இவை நான்கும் விருப்பம்), மண்ணில் உம் வழியையும், எல்லா இனங்களிடையிலும் உம் மீட்பையும் நாங்கள் அறிய (இது நோக்கம்).

## லத்தீனில் உயிரெழுத்து செய்யும் வேலை

இந்த ஐந்து வினைகளும் லத்தீன் இலக்கணத்தில் சப்ஜங்டிவ் என்ற ஒரே வடிவம். நடந்ததையோ நடப்பதையோ சொல்லாமல், மனத்தில் இருப்பதைச் சொல்லும் வடிவம் அது. முன்னால் இணைப்புச் சொல் எதுவும் இல்லாமல் தனியாக நின்றால் விருப்பம். "ஊத்" முன்னால் வந்தால் இந்த மாதிரி இடத்தில் நோக்கம்.

அடையாளம் ஒரே ஒரு உயிரெழுத்துதான். "இல்லூமினாத்" என்றால் ஒளிர்விக்கிறார். "இல்லூமினெத்" என்றால் ஒளிர்விப்பாராக. இதைப் பார்த்துவிட்டு "எ வந்தால் விருப்பம்" என்று மனப்பாடம் செய்தால் அடுத்த சொல்லிலேயே வழுக்கும். ஏனென்றால் "பெனெதீச்சித்" ஆசி வழங்குகிறார், "பெனெதீகாத்" ஆசி வழங்குவாராக. ஆனால் "பெனெதீச்செத்" ஆசி வழங்குவார், வெறும் எதிர்காலம். ஒரு வினைக்கு எ விருப்பம், இன்னொரு வினைக்கு எ எதிர்காலம். வினை எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று தெரியாமல் உயிரெழுத்தை நம்ப முடியாது. நான் முதன்முதலில் தயாரித்த தாளில் "கடவுள் நமக்கு ஆசி வழங்குவார்" என்று அச்சாகிவிட்டது. முந்நூறு பேர் கையில் வேண்டுதல் வாக்குறுதியாகப் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

## எதை வைத்து எடை போடுவது

எந்த விகுதி அழகு என்று தொடங்கினால் சண்டை முடியாது. நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, யார் யாரிடம் பேசுகிறார்கள்? லத்தீனில் "நோஸ்" என்பது நாமும்தான், நாங்களும்தான். தமிழ் அப்படி விடாது, தேர்ந்தெடுக்கச் சொல்லும். கடவுளைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொண்டால் "நமக்கு". கடவுளிடமே பேசினால் "எங்களுக்கு". இதை மாற்றி, "கடவுள் எங்களுக்கு இரங்குவாராக" என்று கோவில் நிறைய மக்களை வைத்துக்கொண்டு பாடிப் பாருங்கள். பாடகர் குழு தனக்கு மட்டும் கேட்டுக்கொள்கிறது, கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் கிடையாது என்று ஆகிவிடும்.

சிக்கல் என்னவென்றால், இந்த வரி நடுவில் திரும்புகிறது. முதல் வசனத்தில் "சூவும்", அவருடைய முகம். அடுத்த வசனத்தில் "தூவாம்", உம்முடைய வழி. பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று கடவுள் பக்கம் முகத்தைத் திருப்புகிறார்கள். லத்தீனில் அது ஓசைப்படாமல் நடக்கிறது. தமிழிலோ "நமக்கு" என்பது "நாங்கள்" என்று மாறியே ஆக வேண்டும்.

இரண்டாவது, விருப்பம் விருப்பமாகவே இருக்கிறதா? கட்டளையாகவோ, உறுதிமொழியாகவோ, "நடந்தால் நடக்கட்டும்" என்ற அலட்சியமாகவோ மாறிவிட்டதா?

மூன்றாவது, நோக்கம் எங்கே உட்காருகிறது? பழைய முறையில் வசனங்களை இரு பக்கமாகப் பிரிந்து பாடுவார்கள். விருப்பங்கள் ஒரு வசனம், "ஊத்" தொடங்குவது அடுத்த வசனம். அதாவது நோக்கத்தைப் பாடுவது எதிர்ப்பக்கம். தமிழின் இயல்போ நோக்கத்தை முன்னால் வைப்பது. அப்படி வைத்தால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் தாளில் குறுக்கே போய்விடும்.

நான்காவது, காது. இங்கே சிங்கப்பூர்ப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரே தடவையில் புரிய வேண்டும்.

இந்த நான்காவதில் பலரும் பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நம் தேசிய உறுதிமொழியின் தமிழ் வடிவத்தை எடுத்துப் பாருங்கள். "நம் நாடு மகிழ்ச்சி, வளம், முன்னேற்றம் ஆகியவற்றை அடையும் வண்ணம்" என்று நோக்கம். "உறுதி மேற்கொள்வோமாக" என்று முடிவு. இரண்டும் ஒரே வாக்கியத்தில். 1966இல் எழுதப்பட்ட ஆங்கில மூலத்தில் நோக்கம் கடைசியில் வருகிறது. தமிழில் அது முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. நம் திருப்பாடல் வரியின் பிரச்சினையை யாரோ ஒருவர் ஏற்கெனவே தீர்த்து நம் கையில் கொடுத்திருக்கிறார். ஆகவே "வாராக" எல்லாம் பிள்ளைகளுக்கு விளங்காது என்ற வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன்.

## விருப்பத்துக்கு: இரங்குவாராக

தமிழில் விருப்பத்துக்கென்றே பிறந்த வடிவம் வியங்கோள். வாழ்க, வாழிய, வருக என்பவை அதன் பழைய முகங்கள். தொல்காப்பியம் இதை முன்னிலைக்கும் தன்மைக்கும் கொடுக்கவில்லை. நன்னூல் காலத்தில் எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. "வாராக", "வீராக", "வோமாக" என்பவை இடத்தையும் மரியாதையையும் காட்டும் விகுதிக்குப் பின் "ஆக" சேர்ந்து வந்தவை.

எடை போட்டால் முதல் இரண்டு கேள்விகளிலும் இதற்கு முழு மதிப்பெண். "கடவுள் நமக்கு இரங்குவாராக" என்றால் படர்க்கை, மரியாதை, விருப்பம் மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன. குரு கையை உயர்த்தி ஆசி சொல்லும் தொனியும் கிடைக்கிறது. அது தற்செயல் அல்ல. புத்தாண்டு நாளின் முதல் வாசகம் எண்ணிக்கை நூல் 6ஆம் அதிகாரத்தில் ஆரோன் மக்களுக்குச் சொல்ல வேண்டிய ஆசி. அந்த ஆசியின் எதிரொலிதான் இந்தத் திருப்பாடல்.

மறைந்திருக்கும் செலவு, எண்ணிக்கை. லத்தீனில் நான்கு விருப்பங்களும் மூன்று விதமான ஓசையில் முடிகின்றன: யாத்துர், காத், நெத், மறுபடி யாத்துர். தமிழில் நான்கும் "வாராக". இரங்குவாராக, வழங்குவாராக, செய்வாராக, இரங்குவாராக என்று அடுக்கினால் வழக்கறிஞர் மனு மாதிரி ஆகிவிடும். தமிழுக்கு இதற்கு மருந்து உண்டு: வினையெச்சம். "இரங்கி, ஆசி வழங்குவாராக" என்றால் கடைசி வினையின் விருப்பம் முதல் வினைக்கும் பரவிவிடுகிறது. நான்கை இரண்டாகக் குறைத்தால் மூச்சும் சரியாக வரும். மூன்று எச்சம் போட்டு ஒரே ஒரு "வாராக"வில் முடிப்பது வேண்டாம். நான்கு தனித்தனி வேண்டுதல்களும் ஒரு வேலைப் பட்டியலாகச் சுருங்கிவிடும்.

## விருப்பத்துக்கு: இரங்கட்டும்

பேச்சில் படர்க்கை விருப்பத்துக்கு நம் வாயில் வருவது இதுதான். "பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்று பாட்டி சொல்வதைவிட உண்மையான வியங்கோள் எது? இளையவர்களுக்கு உடனே புரியும். ஓசையும் சின்னது.

ஆனால் "ட்டும்" உயர்திணை, அஃறிணை, ஒருமை, பன்மை எதையும் காட்டாது. மழை பெய்யட்டும், அவன் போகட்டும், கடவுள் இரங்கட்டும், எல்லாம் ஒன்றே. மரியாதை விகுதி உட்கார இடமே இல்லை. பெரியவர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். அவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் காது பிடித்துவிடுகிறது. இன்னொன்று, இந்த வடிவத்துக்குள் அனுமதி என்ற பொருளும் இருக்கிறது. "சரி, வரட்டும்" என்றால் நான் தடுக்கவில்லை என்று அர்த்தம். "வரட்டும், பார்த்துக்கிறேன்" என்றால் மிரட்டல். கடவுள் இரங்குவதற்கு நாம் அனுமதி கொடுப்பது போன்ற ஒரு நிழல் எப்போதும் விழுந்துகொண்டே இருக்கும்.

ஒரு சின்ன தந்திரத்தால் இதைக் காப்பாற்றலாம். எழுவாயைக் கடவுளிடமிருந்து எடுத்து அவருடைய பொருளுக்கு மாற்றிவிடுங்கள்: "அவர் முகத்தின் ஒளி நம்மேல் வீசட்டும்", "அவருடைய ஆசி நமக்குக் கிடைக்கட்டும்." ஒளிக்கும் ஆசிக்கும் மரியாதை விகுதி தேவையில்லை, அதனால் உறுத்தாது. சிறு பிள்ளைகளின் வகுப்புக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. செய்பவர் கொஞ்சம் பின்னால் போய்விடுகிறார் என்பதுதான் விலை.

## விருப்பத்துக்கு: கடவுளே, இரங்கும்

படர்க்கையை விட்டுவிட்டு நேராக முன்னிலைக்குப் போவது மூன்றாவது வழி. "கடவுளே, எங்களுக்கு இரங்கும், உம் முக ஒளியை எங்கள்மேல் வீசும்." தமிழில் செபம் என்றால் இந்த வடிவம்தான் எல்லோருக்கும் பழக்கம். மன்றாட்டுமாலை முழுக்க இதுதான். பழைய புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பும் இந்தப் பாடலை இப்படித்தான் முன்னிலையில் கொண்டுபோகிறது. இன்னொரு லாபம், நடுவில் திரும்பும் சிக்கல் மறைந்துவிடும். தொடக்கம் முதலே "உம்", தொடக்கம் முதலே "நாங்கள்".

செலவு என்ன? மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஆசி காணாமல் போகிறது, மன்றாட்டு மட்டும் மிஞ்சுகிறது. "இரங்கும்" என்பதில் இன்னொரு சின்ன பொறியும் உண்டு: அது ஏவலும்தான், அஃறிணை எதிர்காலமும்தான். "கடவுளே" என்ற விளி அருகில் இருக்கும்வரை குழப்பம் இல்லை. ஆனால் விளி முதல் வரியில் இருக்க, மூன்றாவது வரியில் "ஒளி வீசும்" என்று தனியாக வந்தால், ஒளி தானாக வீசப்போகிறது என்ற செய்தியாகிவிடும். "ஒளியை வீசும்" என்று இரண்டாம் வேற்றுமை உருபை விடாமல் பிடித்துக்கொண்டால் தப்பலாம். "இரங்குவீராக" என்று முன்னிலையையும் வியங்கோளையும் கலந்தால் இந்தப் பொறி முழுவதும் போய்விடும்; பாடுவதற்குத்தான் இரண்டு அசை கூடும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "இரங்க வேண்டும்" பரவாயில்லை, ஆனால் வேண்டுதலா கடமையா என்று பிரிக்க முடியாது. "இரங்கவும்" வேண்டவே வேண்டாம். அது நம் வீவக புளோக்கின் மின்தூக்கிப் பக்கம் ஒட்டியிருக்கும் அறிவிப்பின் தமிழ்.

## நோக்கத்துக்கு: அறியும்படி

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. லத்தீன் "ஊத்" இரட்டை வேலை செய்யும் சொல். பின்னால் சாதாரண வினை வந்தால் "போல, படி". சப்ஜங்டிவ் வந்தால் "செய்வதற்காக". தமிழ் "படி"யும் அப்படியே நடந்துகொள்கிறது. "நான் சொன்னபடி" என்றால் சொன்னது போல. "நான் சொல்லும்படி" என்றால் நான் சொல்வதற்கு ஏதுவாக. முன்னால் இருக்கும் பெயரெச்சம் இறந்தகாலமா எதிர்காலமா என்பது பொருளையே திருப்பிவிடுகிறது. "வரும்படி கேட்டார்" என்று நாம் சொல்லும் இடத்திலும் லத்தீன் "ஊத்" போடும். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வீட்டில் குடியிருந்த மாதிரி இருக்கிறது. எனவே "ஊத் கொஞ்ஞோஸ்காமுஸ்" என்பதற்கு "நாங்கள் அறியும்படி" என்பதை நான் சமரசமாகப் பார்க்கவில்லை. கைக்கு அளவெடுத்துத் தைத்த உறை அது.

ஒன்றே ஒன்று: "அறிந்தபடி" என்று தவறி அச்சானால் வரி முழுவதும் கெட்டது. நோக்கம் போய், "நாங்கள் ஏற்கெனவே அறிந்திருக்கிறோம்" என்று வந்துவிடும்.

செலவு, இடம். "உம் வழியை நாங்கள் அறியும்படி, கடவுள் நமக்கு இரங்குவாராக" என்பதே தமிழின் சாதாரண வரிசை. அப்படி எழுதினால் "உம்" என்று கடவுளிடம் தொடங்கி "கடவுள் நமக்கு" என்று அவரைப் பற்றிப் பேசுவதில் முடியும். திரும்ப வேண்டிய முகம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. முன்னிலை வடிவத்தோடு சேர்த்தால் இந்தக் குறை இல்லை. படர்க்கையை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நோக்கத்தைக் கடைசிக்குத் தள்ளியே ஆக வேண்டும். செய்யுளிலும் பேச்சிலும் நாம் அப்படித் தள்ளுவது உண்டு. உரைநடையில் தொங்குவது போல் தெரியும். பாட்டுத் தாளில், தனி வசனமாக, "அறியும்படி" என்பதை இரண்டு வரியின் முடிவிலும் திரும்பப் போட்டால் தொங்கல் தாளமாக மாறிவிடும்.

"வண்ணம்", "பொருட்டு" இரண்டும் இதே வேலையைச் செய்பவை. "அறியும் வண்ணம்" உறுதிமொழியால் பிள்ளைகள் காதுக்குப் பழக்கம், பாடவும் இனிது. "அறியும்பொருட்டு" அலுவலகக் கடிதத்தில் இருக்கட்டும்.

## நோக்கத்துக்கு: அறிய

செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். மிகச் சிறியது, மிக அழகானது, கொஞ்சம் ஆபத்தானது. இலக்கண வகுப்பில் வரும் பழைய எடுத்துக்காட்டு: "மழை பெய்ய நெல் விளைந்தது", "நெல் விளைய மழை பெய்தது." வடிவம் ஒன்று. முதலாவதில் எச்சம் காரணம், இரண்டாவதில் எச்சம் காரியம். எது எது என்று சொல்வது நம் உலக அறிவு மட்டுமே. "உம் வழியை நாங்கள் அறிய, நீர் இரங்கும்" என்றால் நாங்கள் அறிந்ததால் நீர் இரங்கும் என்றும் ஒரு காது கேட்கக்கூடும். இறையியலில் அது தலைகீழ். நான் இதை ஏவலோடு, அதுவும் எச்சம் வினைக்கு ஒட்டி நிற்கும்போது மட்டும் பயன்படுத்துகிறேன்.

## நோக்கத்துக்கு: அப்போது அறிவோம்

திருப்பலியில் இன்று நாம் கேட்கும் பொது மொழிபெயர்ப்பு "அப்பொழுது" என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கி எதிர்காலத்தில் முடிக்கிறது. அது எபிரேயத்திலிருந்து வந்தது, அங்கே இந்த இடத்தில் லத்தீன் சப்ஜங்டிவ் கிடையாது, ஒரு வினைப்பெயர் வடிவம்தான். அதனால் அதை இந்த அளவுகோலால் குறை சொல்வது நியாயமில்லை. வரிசை கலையவில்லை, தமிழ் தெளிவு, வாசகர் தடுமாற மாட்டார். வாசிப்பதற்கு இதுவே சிறந்தது.

லத்தீனுக்குப் பக்கத்தில் பொருளாக வைத்தால் மட்டும் இடிக்கும். நோக்கம் விளைவாகிவிடுகிறது. "ஊத்" அறிந்துவிடுவோம் என்று உறுதி சொல்லவில்லை. அறிவதற்காகவே கேட்கிறோம் என்கிறது. "நீர் இரங்கும், அப்போது நாங்கள் அறிவோம்" என்பதில் லேசாகப் பேரம் பேசும் வாடையும் அடிக்கிறது.

## நோக்கத்துக்கு: அறிவோமாக

நோக்கத்தை விட்டு, இன்னொரு விருப்பமாக அடுத்து வைப்பது. ஏமாற்று வேலை போலத் தோன்றும். ஆனால் எம்ஆர்டியில் நாம் எப்படிப் பேசுகிறோம்? "கொஞ்சம் நகருங்க, பாட்டி உட்காரணும்." அதில் "படி"யும் இல்லை, "அதற்காக"வும் இல்லை; இரண்டு விருப்பம் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, காது நோக்கத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. "கடவுள் நமக்கு இரங்குவாராக, உம் வழியை நாங்கள் அறிவோமாக" என்பதும் அதே முறைதான். வரிசையும் காப்பாற்றப்படுகிறது. ஆனால் இந்த வசனத்துக்குப் பிறகு லத்தீனில் உண்மையான விருப்பங்கள் வரிசையாக வருகின்றன: மக்களினங்கள் உம்மைப் புகழ்வார்களாக, மகிழ்வார்களாக. நோக்கத்தையும் விருப்பமாக்கினால் எல்லாம் ஒரே கூட்டத்தில் கரைந்துவிடும், அந்த ஒரே "ஊத்" போன இடம் தெரியாது. முழுப் பாடலையும் அச்சிடுகிறவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. இரண்டு வசனம் மட்டும் பாடுபவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வடிவம் | யாரிடம் பேச்சு | எங்கே இடிக்கும் | எங்கே சிறப்பு |
|---|---|---|---|
| இரங்குவாராக | நமக்குள் | நான்கு முறை அடுக்கினால் | லத்தீன் பக்கத்தில் பொருளாக |
| இரங்கட்டும் | நமக்குள் | மரியாதை, அனுமதித் தொனி | சிறுவர் வகுப்பு, எழுவாயை மாற்றி |
| இரங்கும் | கடவுளிடம் | ஆசித் தொனி போகும் | தமிழிலேயே பாடும்போது |
| அறியும்படி | இரண்டுக்கும் | வரிசை | பாட்டுத் தாளில், வரிமுடிவில் |
| அறிய | இரண்டுக்கும் | காரணமா காரியமா | குறுகிய இசையடி |
| அப்போது அறிவோம் | இரண்டுக்கும் | விளைவாக மாறும் | உரக்க வாசிக்க |
| அறிவோமாக | இரண்டுக்கும் | மற்ற விருப்பங்களில் கரையும் | இரண்டு வசனம் மட்டும் பாட |

## யாருக்கு எது

அக்கா கேட்டது பாட்டுத் தாள். லத்தீன் பக்கத்தில் நிற்கப் போகிறது, வரிக்கு வரி கண் தாண்டும். அவருக்கு நான் அனுப்பியது:

> கடவுள் நமக்கு இரங்கி, நமக்கு ஆசி வழங்குவாராக;
> தம் திருமுக ஒளியை நம்மேல் வீசி, நமக்கு இரங்குவாராக:
> மண்ணுலகில் உம் வழியை நாங்கள் அறியும்படி,
> எல்லா இனங்களிடையிலும் உம் மீட்பை அறியும்படி.

"நமக்கு" என்பது "நாங்கள்" ஆகும் இடத்தில் முகம் திரும்புவது வெளிப்படையாகத் தெரிகிறது. அதை மறைக்க வேண்டாம் என்று சொன்னேன். "நாங்கள்" என்பதை எடுத்துவிட்டால் "அறியும்படி" யாரையும் குறிக்காமல் வழவழப்பாக ஓடும்தான். ஆனால் லத்தீன் இங்கே தன்மைப் பன்மையை வேண்டுமென்றே வைத்திருக்கிறது, அதைத் தின்றுவிடக் கூடாது.

தமிழிலேயே இசையமைத்துப் பாடுவதென்றால் இது:

> கடவுளே, உம் வழியை நாங்கள் மண்ணில் அறியும் வண்ணம்
> எங்களுக்கு இரங்கும், ஆசி தாரும்;
> உம் முக ஒளியை எங்கள்மேல் வீசும்.

மறைக்கல்வித் தம்பிக்கு வேறு. அவர் பிள்ளைகளுக்கு நடுவில் திரும்புவதெல்லாம் வேண்டாம். எல்லாவற்றையும் படர்க்கையாக்கிவிட்டால் "நாம்" கடைசிவரை மாறாமல் நிற்கும். "அவருடைய ஆசி நமக்குக் கிடைக்கட்டும், அவர் முகத்தின் ஒளி நம்மேல் வீசட்டும், அவருடைய வழியை நாம் தெரிந்துகொள்ளும்படி." கடவுளிடம் நேராகப் பேசும் அந்த ஒரு கணம் போகிறது. பத்து வயதில் அது போனால் பரவாயில்லை.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: கையில் இருப்பது எந்த லத்தீன்? 1979இல் வெளியான நோவா வுல்காத்தாவில் இரண்டாவது "மிசெரெயாத்துர் நோஸ்த்ரி" இல்லை. "கொஞ்ஞோஸ்காமுஸ்" இருந்த இடத்தில் "கொஞ்ஞோஸ்காத்துர்" இருக்கிறது: நாங்கள் அறிய என்பது போய், உம் வழி அறியப்பட என்று ஆகிவிட்டது. அப்போது "நாங்கள்" தேவையே இல்லை. "அறியப்படும்படி" என்று நாக்கைச் சுளுக்கிக்கொள்ளாமல் "உம் வழி விளங்கும்படி" என்று போட்டுவிடலாம். மேலே சொன்ன பழைய புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு பிடித்ததும் இந்த "விளங்கும்படி"யைத்தான். பழைய இசைத்தாளில் பாடிவிட்டுப் புதிய பதிப்பைப் பார்த்துப் பொருள் எழுதுவது எங்கள் குழுவிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது.

அச்சுக்கு அனுப்புமுன் லத்தீன் தெரியாத ஒருவருக்குத் தமிழை மட்டும் தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்பார்கள். "யார் யாரிடம் பேசுகிறார்கள்? இது நடந்துவிட்டதா, நடக்கும் என்கிறார்களா, நடக்க வேண்டும் என்கிறார்களா?" என்று கேளுங்கள். அக்கா தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாராம். மூன்றாவது வரியில் அம்மா நிறுத்தி, "இப்ப சாமிகிட்ட பேச ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டாராம். தாள் அன்றைக்கே அச்சுக்குப் போய்விட்டது.